முட்டை இல்லாத மாவும் பச்சை மாவுதான்

கேக் கலவையை அச்சில் ஊற்றிய பிறகு, கிண்ணத்தையும் மரக்கரண்டியையும் பிள்ளைகளிடம் கொடுப்பது நம் வீடுகளில் பல காலமாக இருந்துவரும் வழக்கம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இது இன்னும் அதிகம். அம்மா பிஸ்கட் மாவை உருட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிடும். யாரும் பெரிதாகக் கண்டிப்பதில்லை. கண்டிப்பவர்களும் "வயிறு வலிக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஜார்ஜ்டவுனில் நான் நடத்தும் பேக்கிங் வகுப்பில், பச்சைக் கலவையை நக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். காரணத்தை நான் சொல்வதற்குள் மாணவிகளே சொல்லிவிடுவார்கள்: "பச்சை முட்டை இருக்கு, அதனாலதானே டீச்சர்?" பாதி சரிதான். முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் எல்லா வகுப்பிலும் சைவக் குடும்பத்துப் பெண் ஒருவராவது இருப்பார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: "எங்க வீட்டுல முட்டையே போடுறதில்லை டீச்சர். தயிரும் பேக்கிங் சோடாவும்தான். அதை நக்கினா என்ன ஆகிடும்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரம் பதில் எழுதுகிறேன். முட்டையை எடுத்துவிட்டாலும் அந்தக் கலவையில் இன்னொரு பச்சைப் பொருள் இருக்கிறது. அது மாவு. உலர்ந்து வெள்ளையாக, பாக்கெட்டில் சுத்தமாக இருப்பதால் அதைப் பச்சைப் பொருள் என்று நாம் நினைப்பதே இல்லை. கோழி இறைச்சியைத் தொட்டால் கை கழுவுகிறோம். மாவைத் தொட்டால் துணியில் தட்டிவிட்டுப் போகிறோம்.

முதலில் சந்தேகம் விழுந்தது முட்டையின் மேல்தான். 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்ச் முதல் ஜூலை வரை 30 மாநிலங்களில் 77 பேருக்கு ஒரே வகைக் கிருமியால் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. கிருமியின் பெயர் இ.கோலை ஓ157. இது பெரும்பாலும் மாட்டிறைச்சியோடு தொடர்புபடுத்தப்படும் கிருமி. விசாரித்தபோது நோயாளிகளில் மிகப் பலர் கடையில் விற்கும் ஒரு பிஸ்கட் மாவைச் சுடாமல் அப்படியே சாப்பிட்டிருந்தார்கள். நெஸ்லே நிறுவனத்தின் டோல் ஹவுஸ் என்னும் பெயரில் குளிர்பெட்டியில் வைத்து விற்கப்பட்ட மாவு அது. வீட்டில் வெட்டி அடுப்பில் சுட வேண்டியதுதான். ஆனால் வாங்கியவர்களில் பலர் கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டார்கள்.

அந்த மாவில் சேர்த்த முட்டை ஏற்கெனவே கிருமி நீங்கும் அளவுக்குச் சூடாக்கப்பட்டது. அதனால் முட்டையின் மேல் பழி போட வழியில்லை. பொருள்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, கிருமியைக் கொல்லும் எந்தச் சூட்டையும் காணாமல் உள்ளே வந்த பொருளாக மாவு நின்றது. மாவுதான் காரணம் என்று அப்போது அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த நிறுவனம் அடுத்த ஆண்டே சூடாக்கிக் கிருமி நீக்கிய மாவுக்கு மாறிக்கொண்டது. 77 பேரில் 35 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 10 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது.

சந்தேகம் உறுதியானது ஏழு ஆண்டுகள் கழித்துத்தான். நான் வகுப்பில் விரிவாகச் சொல்வது அந்த விசாரணையைத்தான்.

2015 டிசம்பர் கடைசியில் தொடங்கி அமெரிக்காவின் பல மாநிலங்களில் இ.கோலை ஓ121 என்ற கிருமியால் ஒருவர், இருவர் என்று நோய்வாய்ப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே விருந்தில் சாப்பிட்ட கூட்டம் இல்லை, ஒரே கடைக்குப் போனவர்களும் இல்லை. ஓர் ஊரில் ஒருவர், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர். இவர்கள் அனைவரிடமும் இருந்த கிருமியின் மரபணு ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால்தான், இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் உணவு இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

அது எந்த உணவு என்று வழக்கமான கேள்விப் பட்டியலில் பிடிபடவில்லை. அதனால் நோயாளிகளில் 10 பேரிடம் ஆற அமரப் பேசினார்கள். நோய் வருவதற்கு முந்தைய வாரத்தில் என்ன சமைத்தீர்கள், என்ன தொட்டீர்கள், எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். 5 பேர் அந்த வாரத்தில் வீட்டில் ஏதோ ஒன்றைப் பேக் செய்திருந்தார்கள். அவர்களில் 3 பேர் சுடாத கலவையை ருசி பார்த்ததை நினைவுகூர்ந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள் என்பதற்கும் அப்போது பொருள் விளங்கத் தொடங்கியது.

எனக்கு மறக்க முடியாத விவரம் அடுத்து வருவது. நோயுற்றவர்களில் மூன்று குழந்தைகள் வீட்டில் எதையும் பேக் செய்யவில்லை. ஆனால் மூவரும் உணவகத்துக்குப் போயிருந்தார்கள். சாப்பாடு வரும்வரை பிள்ளைகள் அழாமல் இருக்கட்டும் என்று, அங்கே விளையாட ஒரு பச்சை மாவு உருண்டையைக் கையில் கொடுத்திருந்தார்கள். ரொட்டிக்கோ பீட்சாவுக்கோ பிசைந்த மாவு. முட்டையோ பாலோ சேர்ந்த கேக் கலவை இல்லை. முட்டையின் மேல் இருந்த பழி இத்தோடு விலகியது.

நோயாளிகளின் வீட்டில் மீதியிருந்த மாவைப் பரிசோதித்தபோது அதே கிருமி கிடைத்தது. அந்த மாவு 2015 நவம்பரில் மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் நகரில் உள்ள ஜெனரல் மில்ஸ் ஆலையில் அரைக்கப்பட்டது. 2016 மே 31 அன்று நிறுவனம் ஏறக்குறைய 45 லட்சம் கிலோ மாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பிறகு இரண்டு முறை அந்த அறிவிப்பை விரிவாக்க வேண்டியிருந்தது. கடைசிக் கணக்குப்படி 24 மாநிலங்களில் 63 பேர் பாதிக்கப்பட்டார்கள். 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. யாரும் இறக்கவில்லை. அடுத்த ஆண்டு கனடாவிலும் இன்னொரு நிறுவனத்தின் மாவில் இதே ஓ121 வகைக் கிருமி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

மாவில் இந்தக் கிருமி எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். இ.கோலையின் இந்த ஆபத்தான வகைகள் மாடு, ஆடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் குடலில் இருப்பவை. கோதுமை திறந்த வயலில் விளைகிறது. மான் மேயலாம், பறவை எச்சமிடலாம், சாணம் கலந்த தண்ணீர் பாயலாம். கதிரில் ஒட்டிய கிருமி தானியத்தோடு ஆலைக்கு வருகிறது. மலேசியாவில் நாம் வாங்கும் கோதுமை மாவு உள்ளூர் ஆலையில் அரைத்ததாக இருந்தாலும், கோதுமை வெளிநாட்டு வயலிலிருந்து கப்பலில் வந்ததுதான். இங்கே அரைப்பதால் அதன் பச்சைத்தன்மை போய்விடாது.

ஆலையில் கல், தூசி, உமி எல்லாம் நீக்கப்படும். பிறகு தவிடு எளிதாகப் பிரிவதற்காகத் தானியத்தின் மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பல மணி நேரம் ஊறவிடுவார்கள். அதன்பின் இரும்பு உருளைகளுக்கிடையே நொறுக்கி, சலித்து, மறுபடி நொறுக்கி, மறுபடி சலித்து மாவாக்குவார்கள். இந்த வரிசையில் கிருமியைக் கொல்லும் சூடு எங்குமே இல்லை. பாலைப் பாஸ்ச்சரைஸ் செய்வதுபோல மாவுக்கு ஒரு கட்டம் வழக்கத்தில் கிடையாது. சூடாக்கினால் மாவின் புரதம் கெட்டு ரொட்டி எழும்பாமல் போகும். அதோடு, மாவை வாங்குகிறவர் எப்படியும் அதைச் சமைப்பார் என்பதுதான் ஆலையின் கணக்கு. வெள்ளையாக்கப்பட்ட மாவு சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நிறத்துக்காகச் செய்வது, கிருமிக்காக இல்லை.

"காய்ந்த பொருளில் கிருமி எப்படி உயிரோடு இருக்கும்?" என்பது அடுத்த கேள்வி. காய்ந்த மாவில் கிருமி பெருகாது, அது உண்மை. ஆனால் சாவதும் இல்லை. உறங்குவதுபோல மாதக்கணக்கில் கிடக்கும். நவம்பரில் அரைத்த மாவால் அடுத்த ஆண்டு நடுப்பகுதி தாண்டியும் மக்கள் நோயுற்றதற்கு இதுதான் காரணம். மாவோடு பாலோ தண்ணீரோ சேர்ந்ததும் கிருமி விழித்துக்கொள்ளும். நம் பினாங்கு வெயிலில், முப்பது டிகிரிக்குக் குறையாத சமையலறையில், அடுப்பு காலியாகும்வரை இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கும் பிஸ்கட் மாவு அதற்கு வசதியான இடம். பெருகாவிட்டாலும் ஆபத்து உண்டு. இந்த வகை இ.கோலையால் நோய் வர நூறு கிருமிகள்கூடத் தேவையில்லை. விரல் நுனியில் ஒட்டிய மாவே போதும்.

பெரும்பாலான பாக்கெட்டுகளில் இந்தக் கிருமி இருக்காது. கிருமி மாவில் சீராகப் பரவியிருப்பதும் இல்லை. ஒரு மூட்டையின் ஒரு மூலையில் இருக்கும், இன்னொரு மூலையில் இருக்காது. அதனால்தான் ஆலையில் மாதிரி எடுத்துச் சோதித்தாலும் தப்பிவிடுகிறது. அதனால்தான் "நாங்கள் சின்ன வயசிலிருந்து நக்கினோம், ஒன்றும் ஆகவில்லை" என்று பாட்டிமார்களும் உண்மையாகவே சொல்ல முடிகிறது. அவர்கள் வீட்டுக்கு வந்த பாக்கெட்டுகளில் கிருமி இல்லை, அவ்வளவுதான். பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. வண்டு விழுந்த மாவு தெரியும், பூசணம் பிடித்த மாவு மணக்கும். இ.கோலை உள்ள மாவு நல்ல மாவு போலவே இருக்கும்.

இனி நம் சமையலறைக்கு வருவோம். அமெரிக்க உணவகத்தில் பிள்ளைக்கு மாவு உருண்டை கொடுத்தார்கள் என்று படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது சப்பாத்தி பிசையும் வேளைதான். முந்தானையை இழுக்கும் பிள்ளை கையில் ஓர் உருண்டையைக் கொடுத்து, "நீயும் தேய்" என்று உட்காரவைக்காத வீடு எது? ஆட்டா மாவும் கோதுமைதான், அதுவும் சூடு காணாததுதான். இரண்டு வயதுப் பிள்ளை அந்த உருண்டையைப் பாம்பாக உருட்டும், பிறகு வாயில் வைக்கும். பிள்ளைக்கு வேலை கொடுக்க வேண்டுமானால், வெந்த சப்பாத்தியில் நெய் தடவச் சொல்லுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை தேய்க்க ஆசைப்பட்டால் தேய்க்கட்டும். ஆனால் வாயில் வைக்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.

அடுத்தது முறுக்கு மாவில் உப்புப் பார்ப்பது. பிசைந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். அரிசி மாவையும் உளுந்து மாவையும் வறுத்துச் சேர்க்கிற வீட்டில் ஆபத்து குறைவு. கடையில் வாங்கிய பச்சை மாவை அப்படியே பிசைந்தால் அது பச்சை மாவுதான். இதற்கு மாற்று எளிது. எண்ணெய் காய்ந்ததும் ஒரு சின்னத் துண்டைப் பிழிந்து பொரித்து, அதில் உப்பும் காரமும் பாருங்கள். உண்மையில் இதுதான் சரியான ருசியும்கூட. பச்சை மாவில் இருக்கும் உப்பும் பொரித்த பின் தெரியும் உப்பும் ஒன்றாக இருப்பதில்லை.

மாவிளக்கைப் பற்றி எழுதத் தயக்கமாக இருந்தாலும் விடமுடியாது. அம்மனுக்கு ஏற்றும் மாவிளக்கு, ஊறவைத்துக் களைந்த பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்தது. குழியில் நெய் ஊற்றித் திரி ஏற்றுகிறோம். சுடர் படுகிற இடம் மட்டும் சூடாகும், மற்ற மாவு பச்சையாகவே இருக்கும். நான் மேலே சொன்ன சம்பவங்கள் எல்லாம் கோதுமை மாவில் நடந்தவை. அரிசி மாவில் அதே அளவு ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஈரமும் வெல்லமும் சேர்ந்த பச்சை மாவு பல மணி நேரம் வெளியே இருந்தால் கிருமி பெருக இடமுண்டு என்பது அரிசிக்கும் பொருந்தும். வழிபாட்டில் எதையும் மாற்ற வேண்டாம். பிரசாதத்தைப் பங்கிட்ட பிறகு, மீதி மாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்து அவித்துவிடும் வழக்கம் சில குடும்பங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அந்தக் கொழுக்கட்டையைக் கொடுக்கலாம்.

நம் பலகாரங்களிலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. நெய் உருண்டைக்குப் பாசிப்பயறை முதலில் வாசம் வரும்வரை, நிறம் மாறும்வரை வறுத்துவிட்டுத்தான் அரைக்கிறோம். மாவை அதன்பின் அடுப்பில் வைப்பதே இல்லை, சூடான நெய் ஊற்றிப் பிடித்துவிடுகிறோம். சமைக்காமல் சாப்பிடப்போகும் மாவுக்குச் சூட்டை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும் என்பதை அந்தச் செய்முறை காட்டுகிறது. மலாய்க்காரர்கள் ஹரிராயாவுக்குச் செய்யும் குவே மக்மூரிலும் மாவை வெறும் சட்டியில் வறுத்துக்கொள்வார்கள். அதைப் பிறகு சுடவும் செய்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வறுத்த பயறை வெளியே மாவு மில்லில் அரைக்கக் கொடுத்தால், அதற்கு முன் அதே இயந்திரத்தில் யாரோ ஒருவருடைய பச்சை அரிசி அரைபட்டிருக்கும். சமைக்காமல் சாப்பிடும் மாவை வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வதே நல்லது.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒருவர் கேட்பார்: "அப்படின்னா கோதுமை மாவையும் அவன்ல வறுத்துட்டு, சுடாத பிஸ்கட் மாவு செய்யலாமே டீச்சர்?" கரண்டியால் சாப்பிடும் பிஸ்கட் மாவுக்கு இப்போது ஆசைப்படுகிறவர்கள் அதிகம். இணையத்தில் செய்முறைகளும் அப்படித்தான் சொல்கின்றன: மாவைத் தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் சூடாக்கினால் போதுமாம். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஈரமான உணவில் எழுபது டிகிரியில் விரைவிலேயே செத்துவிடும் கிருமி, காய்ந்த மாவில் அதே சூட்டைப் பல மடங்கு நேரம் தாங்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் சூடு அதை எளிதில் தாக்குவதில்லை. அதோடு மாவு சூட்டைத் தடுக்கும் பொருள். தட்டின் ஓரம் சிவந்து கருகும்போது நடுவில் இருக்கும் மாவு வெதுவெதுப்பாகவே இருக்கும். பயறு மணிகளைக் கிளறிக் கிளறி நிறம் மாறும்வரை வறுப்பது வேறு, மாவைப் பரப்பி ஐந்து நிமிடம் வைப்பது வேறு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் மாவை வீட்டில் சூடாக்கிக் கிருமி நீக்க முயல வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த இனிப்பு வேண்டுமென்றால், சூடாக்கிய மாவில் செய்தது, சுடாமல் சாப்பிடலாம் என்று உறையில் எழுதியிருப்பதை வாங்குங்கள்.

சுட்ட பிறகு மாவைப் பற்றிய கவலை இல்லை. நன்றாக வெந்த கேக்கின் நடுப்பகுதி தொண்ணூறு டிகிரியைத் தாண்டியிருக்கும். கலவையில் ஈரம் இருப்பதால் அந்தச் சூட்டில் கிருமி தாங்காது. குச்சி குத்தினால் ஈரக் கலவை ஒட்டாமல் வர வேண்டும். மைக்ரோவேவில் குவளையில் செய்யும் இரண்டு நிமிடக் கேக்கில்தான் நடுவில் பச்சையாக நின்றுவிடும். அதையும் குச்சி குத்திப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

மாவு கையாளும் இடத்திலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். மாவைச் சலிக்கும்போதும் மிக்ஸரை வேகமாகப் போடும்போதும் தூள் ஓரடி ஈரடி பறந்து படியும். பக்கத்தில் வெட்டிவைத்த பப்பாளியோ, ஆறவைத்த கேக்கோ, பட்டர் கிரீமோ இருந்தால் அதிலும் படியும். அவை மீண்டும் அடுப்பைக் காணப்போவதில்லை. அதனால் மாவு வேலை முடிந்து, மேசையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, கையைக் கழுவிய பிறகே மற்றவற்றை வெளியே எடுங்கள். உலர்ந்த துணியால் தட்டிவிட்டால் தூள் இடம் மாறும், அவ்வளவுதான்.

மாவு டின்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையிலிருந்து வந்ததும் பாக்கெட்டை வெட்டி டின்னில் கொட்டிவிட்டு, உறையைக் குப்பையில் போடுவது நம் பழக்கம். அடியில் பழைய மாவு இருக்கும்போதே புதியதைக் கொட்டுவோம். நாளை ஒரு நிறுவனம் குறிப்பிட்ட தொகுதி மாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், உங்கள் டின்னில் இருப்பது அதுவா என்று எப்படித் தெரியும்? அமெரிக்காவில் பலருக்கும் இதே சிக்கல்தான். உறையில் நிறுவனத்தின் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதியை வெட்டி, டின்னின் மேல் ஒட்டிவையுங்கள். டின் காலியாகி, கழுவிக் காய்ந்த பிறகு அடுத்த பாக்கெட்டைக் கொட்டுங்கள்.

கடைசியாக, நோய் வந்தால் எப்படித் தெரியும்? இந்த இ.கோலை வயிற்றுக்குள் போன அன்றே எதுவும் காட்டாது. பெரும்பாலும் மூன்று நான்கு நாள்கள் கழித்துத்தான் தொடங்கும்; பத்து நாள்கூட ஆகலாம். அதனால் நேற்றுச் சாப்பிட்ட மீன் கறி மேலோ, கடையில் வாங்கிய நாசி கண்டார் மேலோ பழி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நக்கிய கிண்ணம் வியாழக்கிழமை யாருக்கும் நினைவிருக்காது. கடும் வயிற்றுப் பிடிப்பும், தண்ணீராகத் தொடங்கி ரத்தம் கலந்து போகும் வயிற்றுப்போக்கும் இதன் அடையாளம். காய்ச்சல் அதிகம் இருக்காது. அதனாலேயே சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். சால்மொனெல்லா என்றால் இன்னும் சீக்கிரம் தொடங்கும், காய்ச்சலும் இருக்கும்.

மலத்தில் ரத்தம் கண்டால் கைவைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். கடையில் கிடைக்கும் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நஞ்சு குடலிலேயே தங்கிவிடும். வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தும் வேண்டாம். இந்தக் கிருமிக்குச் சில ஆன்டிபயாடிக்குகள் கொடுத்தால் சிறுநீரகப் பாதிப்பு கூடலாம் என்பதால் மருத்துவர்களே யோசித்துத்தான் முடிவு செய்வார்கள். மருத்துவரிடம் போகும்போது, கடந்த பத்து நாளில் பச்சை மாவையோ கலவையையோ பிள்ளை சாப்பிட்டதா, கையில் வைத்து விளையாடியதா என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு குறையத் தொடங்கிய பிறகும் ஒரு வாரம் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு, குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, சிறுநீரகம் பாதிக்கப்படும் கட்டம் அப்போதுதான் வருகிறது. நோய் தொடங்கி ஏறத்தாழ ஏழாவது நாள், நன்றாகிவிட்டது என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில், பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும். சிறுநீர் குறையும், முகமோ காலோ வீங்கும். பேம்பர்ஸ் பல மணி நேரம் நனையவே இல்லை என்றால் அதுதான் முதல் அறிகுறி. காத்திருக்க வேண்டிய நேரம் இல்லை அது. நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சீக்கிரம் போனால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

இந்தத் தீபாவளிக்கும் பிள்ளைகள் அடுப்படியில் நிற்கட்டும். அச்சு எடுத்துத் தரட்டும், முந்திரி வைக்கட்டும், கை கழுவட்டும். முதல் தட்டு வெந்து வெளியே வந்ததும் முதல் பிஸ்கட்டை அவர்களுக்கே கொடுங்கள். கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றி, அவர்கள் கைக்கு எட்டும் முன்பே தொட்டியில் போட்டுவிடுங்கள்.